தலைகீழாக்கினால் தெரியும் வர்க்கம்

7,34,82,617 என்பது ஏதாவது ஒரு முழு எண்ணின் வர்க்கமா? கால்குலேட்டர் தேவையில்லை, வர்க்கமூலம் எடுக்கவும் வேண்டாம். கடைசி இலக்கம் 7 என்பதைப் பார்த்தவுடன் இல்லை என்று சொல்லிவிடலாம். 0 முதல் 9 வரை வர்க்கப்படுத்திப் பாருங்கள். கடைசி இலக்கமாக 0, 1, 4, 5, 6, 9 மட்டும்தான் வரும். 2, 3, 7, 8 என்று முடியும் வர்க்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பலரும் படித்த விஷயம்தான் இது.

கடைசி இலக்கம் என்பது 10ஆல் வகுத்தால் வரும் மீதி. ஆகவே நாம் உண்மையில் கேட்ட கேள்வி, வர்க்கங்களை 10ஆல் வகுத்தால் எந்த மீதிகள் வரும் என்பதுதான். 10 இருக்கும் இடத்தில் ஒரு பகா எண்ணை வைத்தால் இதே கேள்வி வேறொரு ஆழத்துக்குப் போய்விடுகிறது.

11ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 5 ஆகியவற்றின் வர்க்கங்கள் 1, 4, 9, 16, 25. இவற்றை 11ஆல் வகுத்தால் மீதி 1, 4, 9, 5, 3. அடுத்து 6ஐ வர்க்கப்படுத்தினால் 36, மீதி மறுபடியும் 3. 7க்கு 5, 8க்கு 9 என்று பட்டியல் வந்த வழியே திரும்பிப் போகிறது. 6 என்பது 11இலிருந்து 5ஐக் கழித்தது, 7 என்பது 4ஐக் கழித்தது என்பதால் இப்படி. ஆக, 1 முதல் 10 வரையுள்ள மீதிகளில் சரிபாதியான 1, 3, 4, 5, 9 மட்டுமே வர்க்கங்களிலிருந்து வரும். 2, 6, 7, 8, 10 ஒருபோதும் வராது. இனி சுருக்கமாக, "3 என்பது 11க்கு வர்க்கம், 7 என்பது 11க்கு வர்க்கமல்ல" என்று சொல்லிக்கொள்வோம்.

2ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இந்தப் பாதிக்குப் பாதி மாறாது. 1783 ஒரு பகா எண். அதற்கு 1 முதல் 1782 வரை மீதிகள் உண்டு. அவற்றில் 891 வர்க்கம், 891 வர்க்கமல்ல. இப்போது கேள்வி: 1752 எந்தப் பக்கம்?

ஏன் இந்த எண்கள் என்றால், 1783 லியோன்ஹார்ட் ஆய்லர் இறந்த ஆண்டு, 1752 அட்ரியன்-மரி லெஜாந்தர் பிறந்த ஆண்டு. இந்தக் கதையில் இருவருக்கும் பங்கு உண்டு. எண்களுக்கு இதெல்லாம் தெரியாது, நமக்கு நினைவில் நிற்பதற்காக வைத்துக்கொள்வோம்.

முரட்டு வழி, 1 முதல் 891 வரை ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, 1783ஆல் வகுத்து, 1752 மீதி வருகிறதா என்று பார்ப்பது. ஆய்லர் இதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1752ஐத் தன்னாலேயே 891 முறை பெருக்கி (அதாவது 1752^891), 1783ஆல் வகுத்தால் மீதி ஒன்று 1 ஆக இருக்கும், அல்லது 1782 ஆக, அதாவது −1 ஆக இருக்கும். 1 என்றால் வர்க்கம், −1 என்றால் வர்க்கமல்ல. அடுக்கை மடங்கு மடங்காக ஏற்றினால் 16 பெருக்கல்களில் முடித்துவிடலாம். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. கையில் பென்சிலோடு உட்காருபவருக்கு, ஆறு ஏழு இலக்க எண்களை 16 முறை 1783ஆல் வகுத்து மீதி எடுப்பது சலிப்பான வேலை. ஒரு இடத்தில் தவறினாலும் விடை அபத்தமாகிவிடும்.

லெஜாந்தர் 1798இல் வெளியிட்ட எண் கோட்பாட்டுப் புத்தகத்தில் ஒரு குறியை அறிமுகம் செய்தார். (1752/1783) என்று அடைப்புக்குள் எழுதுவது. சாய்கோட்டைப் பார்த்து வகுத்தல் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே இருப்பது கேள்விக்குரிய எண், கீழே இருப்பது பகா எண். மேலே உள்ளது கீழே உள்ளதற்கு வர்க்கம் என்றால் குறியின் மதிப்பு +1, இல்லையென்றால் −1. கீழே உள்ள எண் மேலே உள்ளதைச் சரியாக வகுத்துவிட்டால் 0. அவ்வளவுதான். ஆனால் ஆம், இல்லை என்று சொல்லாமல் +1, −1 என்று எழுதியதில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது: இந்த மதிப்புகளைப் பெருக்கலாம். மேலே உள்ள எண்ணைக் காரணிகளாகப் பிரித்தால் குறியும் அப்படியே பிரியும். (6/11) என்பது (2/11) × (3/11). 2, 11க்கு வர்க்கமல்ல, 3 வர்க்கம். −1ஐயும் +1ஐயும் பெருக்கினால் −1. 6 மேலே பார்த்த பட்டியலில் இல்லைதான்.

இதில் கொஞ்சம் வியப்பானது, வர்க்கமல்லாத இரண்டைப் பெருக்கினால் வர்க்கம் வந்துவிடுவது. 2ம் 7ம் 11க்கு வர்க்கமல்ல. பெருக்கினால் 14, மீதி 3. அது 5இன் வர்க்கத்தின் மீதி. சாதாரண எண்களில் இப்படி நடப்பதில்லை. 2ம் 7ம் வர்க்கமல்ல, 14ம் வர்க்கமல்ல. பகா எண்ணின் மீதிகளுக்குள் மட்டும்தான் உலகம் இப்படிச் சரிபாதியாகப் பிரிந்து, பெருக்கல் குறி விதிகளுக்குக் கட்டுப்படுகிறது.

காரணிகளாகப் பிரித்துவிட்டால், மேலே பகா எண் இருக்கும் குறிகளைக் கண்டுபிடித்தால் போதும். உதாரணமாக (13/1783). 13 என்பது 1783க்கு வர்க்கமா? 891 வர்க்கங்களுக்குள் 13 இருக்கிறதா என்ற கேள்வி இது. இங்கேதான் அந்த விதி வருகிறது. கணிதப் புத்தகங்களில் குவாட்ராட்டிக் ரெசிப்ராசிட்டி என்று இருக்கும். நாம் தலைகீழ் விதி என்று வைத்துக்கொள்வோம். அது சொல்வது இது:

p, q இரண்டும் வெவ்வேறு ஒற்றைப் பகா எண்கள் என்றால் (p/q)வும் (q/p)வும் ஒரே மதிப்பு. ஒரே ஒரு விலக்கு: p, q இரண்டையுமே 4ஆல் வகுத்தால் மீதி 3 வருமானால், இரண்டும் எதிரெதிர் மதிப்பு.

13ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. எனவே விலக்கு இங்கே பொருந்தாது. (13/1783)ஐத் தலைகீழாக்கினால் (1783/13). கீழே 13 வந்துவிட்டதால் மேலே உள்ள 1783க்குப் பதில் அதன் மீதியை எழுதலாம். 13 × 137 = 1781, மீதி 2. ஆக (2/13). 13க்கு வர்க்கங்கள் ஆறே ஆறு: 1, 3, 4, 9, 10, 12. இதில் 2 இல்லை. விடை −1. 13 என்பது 1783க்கு வர்க்கமல்ல. 891 எண்களைத் தேட வேண்டிய கேள்விக்கு ஆறு எண்கள் கொண்ட பட்டியலில் விடை கிடைத்துவிட்டது.

ஒரு நிமிடம் இங்கே நிற்கலாம். 1783ஆல் வகுத்து வரும் மீதிகளுக்கும் 13ஆல் வகுத்து வரும் மீதிகளுக்கும் என்ன உறவு இருக்க முடியும்? மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் இல்லை. ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியக் காரணமே இல்லை. இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு பதில் சொல்கின்றன. ஆய்லர் எண்களின் அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த உறவைக் கண்டார். அதை முழுமையாகச் சொல்லும் அவருடைய கட்டுரை அவர் இறந்த அதே 1783இல்தான் அச்சில் வந்தது. நிரூபணம் இல்லை. லெஜாந்தர் 1785இல் நிரூபிக்க முயன்றார். ஆனால் குறிப்பிட்ட வகைப் பகா எண்கள் நமக்கு வேண்டியபோதெல்லாம் கிடைக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டது அன்றைக்கு யாரும் நிறுவாத விஷயம். முதல் முழு நிரூபணம் கார்ல் பிரீட்ரிக் காஸுடையது. 1795இல் விதியைத் தானாகவே கண்டுபிடித்து, ஓராண்டு முழுக்க அதோடு மல்லுக்கட்டி, 1796 ஏப்ரல் 8 அன்று நிரூபணத்தை எட்டினார். அப்போது அவருக்கு 19 வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது. பொன் தேற்றம் என்று அவர் அதற்குப் பேர் வைத்தார். பிறகும் மனசு ஆறவில்லை போலும், வாழ்நாளில் மொத்தம் எட்டு நிரூபணங்கள் எழுதினார். அதில் இரண்டு அவர் இறந்த பிறகே வெளிவந்தன. மற்றவர்களும் சேர்ந்து இன்று 200க்கு மேல் நிரூபணங்கள் இருக்கின்றன.

இனி நம் கேள்விக்கு வருவோம். கணக்கைத் தொடங்கும் முன் இரண்டு துணை விதிகள் கையில் இருக்க வேண்டும். தலைகீழ் விதி ஒற்றைப் பகா எண்களுக்கு மட்டும்தான். மேலே 2 வந்தாலோ, −1 வந்தாலோ அதைப் புரட்டக் கூடாது. அவற்றுக்குத் தனி விடை உண்டு. −1, கீழே உள்ள பகா எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 1 என்றால் வர்க்கம்; மீதி 3 என்றால் வர்க்கமல்ல. 2, கீழே உள்ளதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்றால் வர்க்கம். 3 அல்லது 5 என்றால் வர்க்கமல்ல. 1783ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, 8ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே 1783க்கு −1 வர்க்கமல்ல, 2 வர்க்கம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1752ஐக் காரணிகளாகப் பிரித்தால் 2 × 2 × 2 × 3 × 73. மூன்று 2களுக்கும் +1, அவற்றைப் பற்றிக் கவலையில்லை. மிச்சம் (3/1783) × (73/1783).

முதலில் 3. 3ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, 1783க்கும் மீதி 3. விலக்கு பொருந்துகிறது, எனவே புரட்டும்போது குறி மாறும்:

(3/1783) = −(1783/3) = −(1/3) = −1

1783ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. 1 எப்போதுமே வர்க்கம். ஆகவே 3, 1783க்கு வர்க்கமல்ல.

அடுத்து 73. இதை 4ஆல் வகுத்தால் மீதி 1, குறி மாறாது. (73/1783) = (1783/73). 73 × 24 = 1752, மீதி 31. இப்போது (31/73). 31 ஒரு பகா எண், 73இன் மீதி 1 என்பதால் மறுபடியும் குறி மாறாமல் புரட்டலாம். (73/31) என்றால் மீதி 11, ஆக (11/31). இங்கே கவனம் வேண்டும். 11ஐ 4ஆல் வகுத்தால் 3, 31ஐ வகுத்தாலும் 3. குறி மாறும்:

(11/31) = −(31/11) = −(9/11) = −1

9 என்பது 3இன் வர்க்கம், அது எந்தப் பகா எண்ணுக்கும் வர்க்கம்தான். ஆகவே (73/1783) = −1. இரண்டு −1களைப் பெருக்கினால் +1. 1752 என்பது 1783க்கு வர்க்கம்.

கடைசிப் புரட்டலில் அந்தக் கழித்தல் குறியை விட்டிருந்தால் விடை −1 என்று வந்திருக்கும். இந்தக் கணக்கில் தவறு நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். மீதி எடுப்பதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. இரண்டு எண்களையும் 4ஆல் வகுத்துப் பார்க்காமல் வேகத்தில் புரட்டிவிடுவார்கள். தவறை இன்னும் மோசமாக்குவது, விடையைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது என்பது. +1, −1 இரண்டில் ஒன்று எப்படியும் வந்துதான் தீரும். அதனால் வேறொரு வழியில் போய் அதே விடை வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

வேறு வழி நமக்கு எளிதாகவே கிடைக்கிறது. 1752, 1783ஐவிட 31 குறைவு. மீதி உலகில் 1752ம் −31ம் ஒன்றுதான். எனவே (1752/1783) = (−1/1783) × (31/1783). முதல் குறி −1 என்று முன்பே பார்த்தோம். இரண்டாவதில் 31, 1783 இரண்டுமே 4க்கு மீதி 3 தருபவை, ஆகவே அது −(1783/31). 31 × 57 = 1767, மீதி 16. 16 என்பது 4இன் வர்க்கம், ஆக இரண்டாவதும் −1. −1 × −1 = +1. விடை அதேதான், பாதி நேரத்தில். முதலில் 73, 31, 11 என்று சுற்றி வந்ததற்குப் பதில் ஒரே ஒரு புரட்டல். எண்ணைப் பார்த்தவுடன் காரணி தேடப் போகாமல், கீழே உள்ள எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு கண் பார்த்துக்கொள்வது கைவேலையில் பயன்படும்.

சந்தேகமே வேண்டாம் என்பவர்களுக்குக் கடைசிச் சோதனை: 267இன் வர்க்கம் 71,289. அதிலிருந்து 1783 × 39 = 69,537ஐக் கழித்தால் 1752.

காஸ் பிறந்த 1777ஐயும் சோதித்துப் பார்க்கலாம். அது −6. −1க்கு −1, 2க்கு +1, 3க்கு −1. பெருக்கினால் +1, வர்க்கம்தான். 524ஐ வர்க்கப்படுத்தினால் 2,74,576. 1783 × 153 போக மிச்சம் 1777. ஆனால் அவர் நிரூபணம் கண்ட 1796, 1783ஐவிட 13 அதிகம். 13 வர்க்கமல்ல என்று பார்த்துவிட்டோம். ஆண்டுகளுக்குள் பொருள் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

இந்த 524ஐயும் 267ஐயும் தலைகீழ் விதி தரவில்லை. இந்த முறையின் முதல் எல்லை அதுதான். வர்க்கமூலம் இருக்கிறது என்று சொல்லும், என்ன என்று சொல்லாது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 1783 போல 4க்கு மீதி 3 தரும் பகா எண்ணாக இருந்தால் பிழைத்தோம்: பகா எண்ணோடு 1ஐக் கூட்டி 4ஆல் வகுத்தால் வரும் 446ஐ அடுக்காக வைத்து, 1752^446இன் மீதியை எடுத்தால் அதுவே ஒரு வர்க்கமூலம். 4க்கு மீதி 1 தரும் பகா எண்களுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. அல்பெர்த்தோ டொனெல்லி 1891இல் ஒரு முறை கொடுத்தார். அதற்கு முன்கூட்டியே ஒரு வர்க்கமல்லாத எண் தேவைப்படும். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க 2, 3, 5 என்று வரிசையாக எடுத்துத் தலைகீழ் விதியால் சோதிப்பதுதான் வழக்கம். ஆக, மூலத்தைத் தராத விதிக்கு மூலம் தேடும் வேலையிலும் இடம் உண்டு.

ஏன் 4க்கு மீதி 3 என்ற விலக்கு? இதற்கு மிக அழகான விளக்கத்தைத் தந்தவர் 29 வயதிலேயே இறந்துபோன கோட்ஹோல்ட் ஐசன்ஸ்டைன். 1844இல் அவர் கொடுத்த நிரூபணத்தில் புள்ளிகளை எண்ணினால் போதும். 11ஐயும் 7ஐயும் வைத்துப் பார்ப்போம். 11இலிருந்து 1 கழித்துப் பாதியாக்கினால் 5, 7க்கு அதேபோல் 3. புள்ளிக்கோலம் போடுவது போல, குறுக்கே 5, நெடுக்கே 3 என்று 15 புள்ளிகள் வையுங்கள். கீழ் இடது மூலைப் புள்ளிக்கு ஒரு படி இடப்பக்கமும் ஒரு படி கீழேயும் இருக்கும் இடத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து 11 படி வலமும் 7 படி மேலுமாக உள்ள இடத்துக்கு நேர்க்கோடு ஒன்று இழுங்கள். 11, 7 இரண்டும் பகா எண்கள் என்பதால் கோடு எந்தப் புள்ளியையும் தொடாது. கோட்டுக்குக் கீழே உள்ள புள்ளிகளை இடமிருந்து வலமாக எண்ணினால் 0, 1, 1, 2, 3, மொத்தம் 7. மேலே மிச்சம் 8.

கீழே உள்ள 7 ஒற்றைப்படை, எனவே (7/11) = −1. மேலே உள்ள 8 இரட்டைப்படை, எனவே (11/7) = +1. புள்ளி எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதில் குறியின் மதிப்பு இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு நிரூபணம் வேண்டும். அதைக் காஸ் ஏற்கெனவே தந்துவிட்டிருந்த ஒரு துணைத் தேற்றத்திலிருந்து பெறலாம். அதற்கு இங்கே இடமில்லை. அதை ஏற்றுக்கொண்டால் மீதிக் கதை எளிது. மேல் புள்ளிகளும் கீழ்ப் புள்ளிகளும் சேர்ந்து முழுச் செவ்வகம். மொத்தம் இரட்டைப்படை என்றால் இரு பக்கமும் ஒரே ரகம், ஆகவே இரண்டு குறிகளும் ஒரே மதிப்பு. மொத்தம் ஒற்றைப்படை என்றால் ஒரு பக்கம் ஒற்றை, மறு பக்கம் இரட்டை, ஆகவே எதிர் மதிப்பு. மொத்தம் ஒற்றைப்படை ஆவதற்குச் செவ்வகத்தின் இரு பக்கங்களும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒரு பகா எண்ணிலிருந்து 1 கழித்துப் பாதியாக்கினால் ஒற்றைப்படை வருவது, அந்த எண் 4க்கு மீதி 3 தரும்போது மட்டும்தான். விலக்கு அங்கிருந்துதான் வந்தது.

இவ்வளவு நேரம் நாம் சத்தமில்லாமல் கடந்துபோன ஒரு சிக்கல் இருக்கிறது. 1752ஐக் காரணிகளாகப் பிரித்தோம். நான்கு இலக்க எண் என்பதால் சுலபமாக இருந்தது. 200 இலக்க எண் என்றால்? அப்படிப்பட்ட எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது இன்றைய கணினிகளுக்கும் பெரும்பாடு. ஒவ்வொரு புரட்டலுக்கும் முன்னால் காரணி தேட வேண்டும் என்றால் இந்த முறை பெரிய எண்களுக்கு உதவவே உதவாது.

1837இல் கார்ல் யாக்கோபி இந்தத் தடையை நீக்கினார். குறியின் கீழே பகா எண்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, எந்த ஒற்றைப்படை எண்ணும் இருக்கலாம் என்றார். கீழே 15 இருந்தால் குறியின் மதிப்பு, கீழே 3 உள்ள குறியையும் 5 உள்ள குறியையும் பெருக்கினால் வருவது. இப்படி வைத்துக்கொண்டால் தலைகீழ் விதியும் துணை விதிகளும் மாற்றமே இல்லாமல் பொருந்துகின்றன. இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இருந்தால் மட்டும் மதிப்பு 0. இனிமேல் 2களை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

அதே 1752ஐ இப்படிப் போட்டுப் பார்ப்போம். மூன்று 2களை எடுத்துவிட்டால் 219. அது 3 × 73 என்பது நமக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். 219, 1783 இரண்டுமே 4க்கு மீதி 3, எனவே குறி மாறிப் புரளும். 1783ஐ 219ஆல் வகுத்தால் மீதி 31, ஆக −(31/219). மறுபடியும் இரண்டும் மீதி 3 தருபவை. குறி மீண்டும் மாறி +(219/31). 31 × 7 = 217, மீதி 2. (2/31)க்கு, 31ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7, எனவே +1. மூன்றாவது வழியிலும் அதே விடை.

எண் கணிதம் கொஞ்சம் பழகியவர்கள் இந்த வகுத்தல் வரிசையை அடையாளம் கண்டிருப்பார்கள். பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடு, இடம் மாற்று, மறுபடி வகு. மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்க யூக்ளிட் கொடுத்த முறையேதான். நடுவில் 2களை எடுத்து வைத்து, ஒவ்வொரு புரட்டலிலும் குறி மாறுகிறதா என்று கணக்கு வைத்துக்கொள்வது மட்டும் கூடுதல். யூக்ளிட் முறைபோலவே இதுவும் மிக வேகமாகச் சுருங்கும். 200 இலக்க எண்கள் என்றாலும் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் கொடுத்தாயிற்று. தொடக்கத்தில் கீழே இருந்தது பகா எண்ணாக இருக்கும்வரை கவலையில்லை. நடுவில் 219 போன்ற பகு எண்கள் வந்து போனாலும் கடைசி விடை சரி. ஆனால் தொடக்கத்திலேயே கீழே பகு எண் இருந்தால் +1ஐ நம்ப முடியாது. (2/15) என்பது (2/3) × (2/5). 2, 3க்கும் வர்க்கமல்ல, 5க்கும் வர்க்கமல்ல. −1 × −1 = +1. ஆனால் 15ஆல் வகுத்தால் 2 மீதி வரும் வர்க்கம் எதுவும் கிடையாது. 3க்கே வர்க்கமாக இல்லாதது 15க்கு எப்படி வர்க்கமாகும்? −1 வந்தால் மட்டும் நிச்சயம் வர்க்கமல்ல.

இந்த ஏமாற்று +1ஐயே ஒரு கருவியாக்கினார்கள் ராபர்ட் சோலோவேயும் வோல்கர் ஸ்ட்ராசனும். 1977இல் அவர்கள் வெளியிட்ட பகா எண் சோதனையின் அடிப்படை எளிமையானது. ஒரு எண் பகா எண் என்றால் ஆய்லரின் அடுக்கு முறையும் புரட்டல் முறையும் ஒரே விடை தந்தாக வேண்டும். 15க்கு 2ஐ வைத்துப் பாருங்கள். புரட்டல் +1 என்கிறது. 14இல் பாதி 7, 2^7 = 128, 15ஆல் வகுத்தால் மீதி 8. அது 1ம் இல்லை, −1ம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆகவே 15 பகா எண் அல்ல. அதன் காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டோம். ஒற்றைப்படைப் பகு எண் எதுவாக இருந்தாலும், அதைவிடச் சிறியதாகக் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்துச் சோதித்தால், குட்டு வெளிப்படுவதற்குக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 20 முறை வேறு வேறு எண்களை வைத்துச் சோதித்தும் தப்பிப்பது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

சோதனையில் தேறாத பெரிய எண்ணின் கதை இன்னும் சுவாரசியம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பெருக்கற்பலனை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, புரட்டல் முறையில் +1 வரும் ஒரு எண்ணையும் கொடுத்து, இது உண்மையான வர்க்கமா, (2/15) போன்ற போலியா என்று கேட்டால், அந்த இரண்டு பகா எண்களையும் அறியாதவர் கண்டுபிடிக்க இன்றுவரை வேகமான வழி எதுவும் தெரியவில்லை. பகா எண்கள் தெரிந்தவருக்கு இரண்டு புரட்டல் கணக்கில் வேலை முடிந்துவிடும். ஷாஃபி கோல்ட்வாசரும் சில்வியோ மிக்காலியும் 1982இல் இந்த இடைவெளியின் மேல் ஒரு மறைகுறி முறையையே கட்டினார்கள். 0 என்று அனுப்ப உண்மையான வர்க்கம், 1 என்று அனுப்ப போலி. வழியில் ஒட்டுக்கேட்பவர் எத்தனை முறை தலைகீழாக்கினாலும் அவருக்கு இரண்டுக்கும் கிடைப்பது அதே +1தான்.